137 சதவீதம் காட்டிய பச்சைக் கட்டம்: ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்றின் நாள், வார, மாதக் கணக்கு

காரைக்குடியைச் சுற்றியுள்ள சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. சென்ற ஆண்டு தை மாதத்தில், தரையில் பாவும் ஆத்தங்குடிக் கல்லைச் செய்யும் பட்டறை ஒன்றின் உரிமையாளர், கையில் பணம் இல்லை என்று சொல்லி என்னிடம் வந்தார். ஆர்டருக்குக் குறைவில்லை, ஆட்களும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தார்கள். நான்கு மாதங்களுக்கு முன்பு வங்கியில் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்தது. அவருடைய அக்காள் மகன் கூகுள் ஷீட்ஸில் ஒரு டாஷ்போர்டு போட்டுக் கொடுத்திருந்தார். அதில் 23 எண்கள் இருந்தன, அவற்றுள் பெரும்பாலானவை பச்சை நிறத்தில் இருந்தன. "பச்சையாத்தானே இருந்துச்சு, அண்ணே, பெறகு எப்புடி?" என்று அவர் கேட்டதற்கு விடை தேடிய கதைதான் இந்த ஆய்வு. பட்டறையை அடையாளம் காண முடியாதபடி தொகைகளைச் சற்று மாற்றியிருக்கிறேன்; விகிதங்களை மாற்றவில்லை.

தொழில் நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின்னர் ஈரக் கலவையை நிரப்பி முதுகைச் சமன் செய்வார்கள். கல்லின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. கல் இறுகிய பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, பின்னரே நல்லது, கழிவு என்று பிரிப்பார்கள். இந்தப் பட்டறையில் கல் போட்ட நாளுக்கும் பிரிக்கும் நாளுக்கும் இடையே 14 நாட்கள் ஆகின்றன. இந்த 14 நாட்களை அந்த டாஷ்போர்டு கணக்கில் எடுக்காததே எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

ஐந்து பேர் கல் போடுகிறார்கள். ஆளுக்கு அறுபது வீதம் நாளொன்றுக்கு 300 கல், வாரத்துக்கு ஆறு நாளில் 1,800 கல். பத்து அங்குலச் சதுரக் கல்லில் 144 கல் சேர்ந்தால் 100 சதுர அடி என்பதால், வாரத்துக்கு 1,250 சதுர அடி வருகிறது. விலை சதுர அடிக்கு 90 ரூபாய். ஆர்டர் எடுக்கும்போது பாதி முன்பணம், மீதியைக் கல் வண்டியில் ஏறும்போது வாங்கிக்கொள்வது வழக்கம்.

உயர்ந்துகொண்டே போன திறன்

அந்த 23 எண்களில் உரிமையாளர் தினமும் தவறாமல் பார்த்தவை இரண்டே. ஒன்று வங்கி இருப்பு. மற்றொன்றுக்கு "உற்பத்தித் திறன்" என்று பெயரிட்டிருந்தார்கள். அந்த வாரம் பிரித்ததில் தேறிய நல்ல கல்லை, அதே வாரம் போட்ட கல்லால் வகுத்து வந்த சதவீதம் அது. 90க்கு மேல் இருந்தால் கட்டம் பச்சையாகும்.

ஒவ்வொரு வாரமும் ஒரே அளவில் கல் போடும் வரை இந்த வகுத்தலில் உள்ள பிழை வெளியே தெரியாது. ஐப்பசியில் மழை தொடங்கியதும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டின் 43ஆம் வாரத்தில் மழையால் 1,080 கல்தான் போட முடிந்தது. அதே வாரம் பிரிப்புக்கு வந்ததோ இரண்டு வாரங்களுக்கு முன்னால், நல்ல வெயிலில், போட்ட 1,800 கல். அதில் 1,476 தேறியது. 1,476ஐ 1,080ஆல் வகுத்தால் 137 சதவீதம். உண்மையில் தேறியது 1,800க்கு 1,476, அதாவது 82 சதவீதம். வழக்கமாக அங்கே 94 வரை தேறும். வேலை குறைந்த வாரத்தில், கழிவு மும்மடங்கான வாரத்தில், கட்டம் முன்னெப்போதும் இல்லாத பச்சையைக் காட்டியது. நூறுக்கு மேல் சதவீதம் வருவது எப்படி என்று அந்த வீட்டில் ஒருவருக்குமே ஐயம் எழாமல் போனது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. பிறகு யோசித்தபோது, 23 எண்களை நாள்தோறும் பார்ப்பவர் எண்ணைப் பார்ப்பதை விட்டு நிறத்தை மட்டும் பார்க்கத் தொடங்குவது இயல்பு என்றே தோன்றியது.

பழைய நோட்டில் கிடைத்த விடை

நல்ல வேளையாக, டாஷ்போர்டு வந்த பிறகும் மேஸ்திரி தம் இரண்டு நோட்டுகளை எழுதுவதை நிறுத்தவில்லை. கல் போட்ட நோட்டில், எந்தத் தேதியில் போட்டது எந்தத் தொட்டிக்குப் போனது என்று இருந்தது. பிரிப்பு நோட்டில், எந்தத் தொட்டியிலிருந்து எடுத்ததில் எத்தனை நல்லது, எத்தனை கழிவு, கழிவு என்ன வகை என்று இருந்தது. தொட்டி எண்ணைக் கொண்டு இரண்டையும் இணைத்து, பிரித்த வாரத்தை விட்டுவிட்டு, கல் போட்ட வாரத்தின்படி தேர்ச்சியைக் கணக்கிட்டோம். 38, 39, 40ஆம் வாரங்களில் போட்டவை முறையே 94, 93, 95 சதவீதம் தேறியிருந்தன. 41ஆம் வாரம் 82, அடுத்த வாரம் 81, அதற்கடுத்து 83. 44ஆம் வாரத்தில் 90க்குத் திரும்பியது.

இந்த வரிசையைப் பார்த்தபோதுதான் பட்டறையில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காரணம் தவறு என்பது தெரிந்தது. கழிவு கூடியதற்கு மழையே காரணம் என்று மேஸ்திரி முதல் உரிமையாளர் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கழிவு கண்ணில் பட்டது 43ஆம் வாரம், மழையும் அந்த வாரம்தான் தொடங்கியது. ஆகையால் அப்படி எண்ணியதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கல்லைப் போட்டது 41ஆம் வாரம், அப்போது வானம் தெளிவாக இருந்தது. மழை பெய்துகொண்டிருந்த 44ஆம் வாரத்தில் போட்ட கல்லோ 90 சதவீதம் தேறியிருக்கிறது. மழையின் பங்கு நான்கு சதவீதம் அளவுக்கு இருக்கலாம். மீதி எட்டுக்கு வேறு காரணம் வேண்டும்.

41ஆம் வாரத்தில் மாறியது என்ன என்று வாங்கிய பில்களைப் புரட்டினோம். அந்த வாரத் திங்களன்று புதிய இடத்திலிருந்து ஒரு லோடு மணல் இறங்கியிருந்தது. அது மூன்று வாரம் வந்தது. 44ஆம் வாரம் பழைய இடத்து மணலுக்குத் திரும்பியிருக்கிறார்கள். புது மணலில் சில சாக்குகள் கொட்டகை மூலையில் மிச்சமிருந்தன. இரண்டு மணலையும் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் பாதியளவு போட்டு, சிறிது உப்புக் கலந்த தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, அசைக்காமல் சில மணி நேரம் வைத்தோம். மணல் அடியில் தங்க, வண்டல் அதன்மேல் தனிப் படலமாகப் படிந்தது. பழைய மணலில் அது கோடு போல மெல்லிதாக இருந்தது. புது மணலில் விரற்கடை கனத்துக்கு இருந்தது. வண்டல் மிகுந்த மணல் சிமெண்டோடு சரியாகப் பிடிக்காது, உலரும்போது அதிகமாகச் சுருங்கவும் செய்யும். மேஸ்திரியின் நோட்டிலும் அந்த மூன்று வாரக் கழிவில் பெரும்பகுதிக்கு "ஓரம் உதிர்ந்தது" என்றும் "மயிர்க்கோடு" என்றும் எழுதியிருந்தது. இப்போது லோடு இறங்கும்போதே பாட்டில் சோதனை நடக்கிறது. அது டாஷ்போர்டில் ஏற வேண்டிய எண் அன்று, லாரிக்காரர் நிற்கும்போதே முடிய வேண்டிய வேலை.

கழிவின் நேரடி நட்டம் பெரிதாகத் தோன்றாது. வாரத்துக்கு 12 சதவீதம் என்றால் 216 கல், 150 சதுர அடி, விற்பனை விலையில் 13,500 ரூபாய். அது வேறு வழியாகத்தான் கழுத்தை நெரித்தது. 1,200 சதுர அடி ஆர்டர் ஒன்றுக்கு 54,000 ரூபாய் முன்பணம் வந்தாயிற்று. கல் ஏறும்போது இன்னொரு 54,000 வர வேண்டும். அதில் 150 சதுர அடி குறைந்தால் வண்டி ஏறாது, ஏனென்றால் ஒரே பூவில், ஒரே கலவை நிறத்தில் முகப்பு முழுவதையும் பாவ விரும்புகிறவர்கள் பாதியை வாங்கிக்கொண்டு காத்திருப்பதில்லை. குறைந்த கல்லை மறுபடி போட்டு, 14 நாள் காத்திருந்து, பிரித்து அனுப்பும் வரை அந்த 54,000 வராது. தையில் புதுமனை புகுவிழா வைத்திருந்த நான்கு வீடுகளின் ஆர்டர்கள் இப்படி ஒரே நேரத்தில் நின்றன.

வங்கியில் இருந்தது யாருடைய பணம்

இரண்டாவது எண்ணான வங்கி இருப்பு பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியைத்தான் சொன்னது. புரட்டாசியில் இருப்பு 6,40,000 ரூபாய். அந்தத் தேதியில் இன்னும் அனுப்பாத ஆர்டர்களுக்கு வாங்கியிருந்த முன்பணம் 4,95,000. கழித்தால் 1,45,000. இருப்பை மட்டும் பார்த்தவர் சரக்கு வண்டி ஒன்றுக்கு 3,00,000 ரூபாய் ரொக்கமாகக் கட்டிவிட்டார். வாடிக்கையாளர்களின் பணத்தில் 1,55,000 அன்றே வண்டியாக மாறியது. ஐப்பசியில் கழிவும் மழையும் சேர்ந்து மீதித் தொகைகள் தள்ளிப்போனபோது, சிமெண்ட் வாங்கப் பணம் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

ஆகவே இப்போது நாள்தோறும் பார்க்கும் கட்டத்தில் வங்கி இருப்பும் கையிருப்பும் சேர்ந்த தொகையிலிருந்து, அனுப்பாத ஆர்டர்களின் முன்பணத்தைக் கழித்து வரும் தொகை மட்டும் இருக்கிறது. அதற்கு "நம்ம பணம்" என்று உரிமையாளரே பெயர் வைத்தார். கணக்காளன் என்ற முறையில் இது முழுதும் சரியான கணக்கு அன்று என்று சொல்லியாக வேண்டும். முன்பணத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே தொட்டியில் ஊறும் கல்லாகியிருக்கும். முழு முன்பணத்தையும் கழிப்பதால் நிலைமை உள்ளதைவிட இறுக்கமாகத் தெரியும். அந்தப் பிழை செலவைத் தடுக்கும் பக்கம் சாய்வதாலும், துல்லியப்படுத்த முனைந்தால் தினமும் தொட்டிக் கல்லுக்கு மதிப்புப் போட வேண்டியிருக்கும் என்பதாலும், அப்படியே விட்டோம்.

எந்த எண் எந்த வேளைக்கு

23 எண்களையும் ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு கேள்விகள் கேட்டோம். இந்த எண் மாறினால் யார், என்ன செய்வார்? அந்த மாற்றம் உண்மையாகவே நடக்க எத்தனை நாள் ஆகும்? முதல் கேள்விக்கு விடை இல்லாதவை டாஷ்போர்டுப் பலகையை விட்டுப் போயின. இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பின்தொடர்வோர் எண்ணிக்கை, அன்று வந்த விசாரணைகள், பூ வகைவாரியான விற்பனைச் சதவீதம் எல்லாம் அப்படித்தான் போயின. டாஷ்போர்டு போட்டுக் கொடுத்த அக்காள் மகன் வருந்தினார், அவற்றை வேறொரு தாளில் அவர் வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தோம்.

நாள்தோறும் நின்றவை இரண்டே. "நம்ம பணம்" ஒன்று, அன்று போட்ட கல் மற்றொன்று. போட்ட கல் 240க்குக் கீழே போனால் பக்கத்தில் ஒரே சொல்லில் காரணம் எழுத வேண்டும்: மழை, ஆள், சிமெண்ட், கண்ணாடி. எண்ணைவிட இந்தச் சொல்தான் பயன்பட்டது. ஒரு மாதத்தில் ஆறு நாள் "கண்ணாடி" என்று வந்தபோது, கண்ணாடித் தகடுகள் உடைந்து போதாமல் ஆட்கள் மதியத்தோடு கை கட்டி நின்றது தெரிந்தது.

வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை கூலி கொடுத்த பிறகு, பார்ப்பதற்கு வைத்தவற்றுள் முதலானது தேர்ச்சி. கல் போட்டவுடன் முதுகு ஈரமாக இருக்கும்போதே ஆணியால் வார எண்ணைக் கீறிவிடுகிறார்கள். சுண்ணக்கட்டியில் எழுதிப் பார்த்தோம், தொட்டித் தண்ணீரில் அழிந்துவிட்டது. பிரிக்கும்போது அந்த எண்ணின்படியே நோட்டில் ஏறுகிறது. ஷீட்டில் இரண்டு தாள்கள், இரண்டிலும் A நிரலில் கல் போட்ட வாரம், B நிரலில் போட்ட எண்ணிக்கை அல்லது தேறிய எண்ணிக்கை. பலகையில் A2 கட்டத்தில் வார எண்ணை இட்டால் இது போதும்:

```
=SUMIFS('பிரித்தது'!B:B,'பிரித்தது'!A:A,A2)/SUMIFS('போட்டது'!B:B,'போட்டது'!A:A,A2)
```

ஒரு வாரத்துக் கல் முழுவதையும் பிரித்து முடிக்கும் வரை இந்த எண் குறைவாகவே காட்டும் என்பதால், முடியாத வாரங்களைச் சாம்பல் நிறத்தில் விட்டிருக்கிறோம். இதை நாள்தோறும் பார்ப்பதில் பொருளில்லை. ஒரு நாள் 300 கல்லில் பத்துப் பதினைந்து கூடுவதும் குறைவதும் பிரிப்பவர் கையைப் பொறுத்ததாகவும் இருக்கும். வாரத்து 1,800இல் 90க்குக் கீழே போனால்தான் போட்ட வாரத்தின் மணல், சிமெண்ட், ஆள் மாற்றம் ஆகியவற்றைப் புரட்டுகிறோம்.

இந்த எண்ணைக் கூலியோடு சேர்க்க வேண்டும் என்று உரிமையாளர் ஒருமுறை முயன்றார். ஆள்வாரியாகத் தேர்ச்சியைச் சுவரில் எழுதியதும் இரண்டே வாரத்தில் 97 வந்தது. மூன்றாவது வாரம் ஒரு வீட்டுக்காரர், ஓரம் உடைந்த கல் நாற்பதுக்கு மேல் வந்ததாகப் படம் எடுத்து அனுப்பினார். கல் போட்டவர்களும் பிரித்தவர்களும் ஒரே ஆட்கள் என்பதால், கழிவு நல்லதோடு சேர்ந்து வண்டியேறிவிட்டது. சுவரில் எழுதியதை அழித்துவிட்டு, பிரிப்பு வேலையைக் கல் போடாத ஒரு அம்மாவிடம் ஒப்படைத்தார்கள். எண் மறுபடி 93க்கு இறங்கியது. எனக்கு அதன்மேல் நம்பிக்கையும் அப்போதுதான் வந்தது.

வார எண்களில் இரண்டாவது, புது ஆர்டருக்கு எத்தனை வாரம் தவணை சொல்லலாம் என்பது. இனிப் போட வேண்டிய சதுர அடியை, ஒரு வாரத்தில் தேறும் சதுர அடியால் வகுத்து, ஊறும் இரண்டு வாரத்தைக் கூட்டினால் வரும். புரட்டாசியில் போட வேண்டியிருந்தது 8,000 சதுர அடி. 94 சதவீதத் தேர்ச்சியில் வாரத்துக்கு 1,175 தேறும். ஏறக்குறைய ஏழு வாரம், ஊறுவதோடு ஒன்பது. அவரோ பழக்கத்தில் எல்லாருக்கும் ஆறு வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 43ஆம் வாரத்து நிலையில், அதாவது 750 சதுர அடி போட்டு 82 சதவீதம் தேறினால், வாரத்துக்கு 615தான். அதே 8,000க்குப் பதினைந்து வாரம் ஆகும். மழை முழுப் பருவமும் அதே கடுமையில் பெய்யாது என்பதால் பதினைந்து என்பது மிகை. ஆனாலும் ஆறு என்று சொன்னது எவ்வளவு தொலைவு என்பதை அது காட்டிவிட்டது.

மாதத்துக்கு உரியது, தேறிய ஒரு சதுர அடிக்கு ஆன செலவு. இதை அன்றாடம் பார்த்தால் மணல் லோடு இறங்கிய நாளில் வானத்துக்கும் மறுநாள் தரைக்கும் போய்வரும். மாதக் கடைசியில் சிமெண்ட் மூட்டை, மணல், வண்ணப் பொடி ஆகியவற்றின் இருப்பை எண்ணி, தொடக்க இருப்பையும் வாங்கியதையும் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால்தான் உண்மையில் செலவான பொருள் வரும். அதனோடு கூலி, வாடகை, மின்சாரம், சம்பளம் சேர்த்து, அந்த மாதத்தில் போட்ட கல்லில் தேறியதால் வகுக்கிறோம். கடைசி வாரக் கல் தேறியது தெரிய 14 நாள் ஆவதால், மாதக் கணக்கை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குப் பிறகே மூடுகிறோம். 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கலுக்காக எப்படியும் பில்களை எடுக்க வேண்டியிருப்பதால் அது சுமையாகவும் இல்லை. மழைக்கு முந்தைய நான்கு வாரங்களில் 2,91,400 ரூபாய்க்கு 4,700 சதுர அடி தேறி, அடிக்கு 62 ரூபாய் ஆகியிருந்தது. மழைக்கால நான்கு வாரங்களில் 2,34,000க்கு 3,000 அடி, அதாவது 78 ரூபாய். 90 ரூபாய் விலையில் மிச்சம் 28இலிருந்து 12ஆகச் சுருங்கியது. மழைக்கால ஆர்டருக்குத் தள்ளுபடி கொடுக்கும் வழக்கத்தை உரிமையாளர் இதைப் பார்த்த பிறகுதான் விட்டார்.

செட்டிநாட்டில் இதெல்லாம் புதிது அன்று என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், அன்றன்றைய வரவு செலவைக் குறிப்பிலும் சிட்டையிலும் எழுதி, அதைப் பேரேட்டில் ஆள்வாரியாகப் பெயர்த்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை கடையின் மொத்த நிலையைக் காட்டும் ஐந்தொகை எடுத்தார்கள். பெட்டியடியில் இருந்த பையன் பார்க்க வேண்டியதும், ஏஜெண்டு பார்க்க வேண்டியதும், ஊரில் இருந்த முதலாளி பார்க்க வேண்டியதும் வெவ்வேறு ஏடுகளில் இருந்தன. ஐந்தொகையைப் பெட்டியடிப் பையனிடம் தினமும் நீட்டியவர்கள் எவருமில்லை.

இந்தப் பலகை காட்டாதவையும் உண்டு. பூ வகைவாரியாகத் தேர்ச்சி எவ்வளவு என்று அதில் தெரியாது. நான்கு நிறப் பூவில் கழிவு அதிகம் என்பது மேஸ்திரியின் கணிப்பு, அதற்கு வார எண்ணோடு பூவின் எண்ணையும் கல்லில் கீற வேண்டும். ஐந்து பேரும் ஒரே நாளில் இரண்டு மூன்று பூ மாற்றிப் போடுவதால் இப்போதைக்கு அது முடியாது என்று விட்டிருக்கிறோம். கட்டுமானக்காரர்கள் இருவர் மட்டும் கடனில் எடுக்கிறார்கள். அவர்களுடைய பாக்கி மாதக் கட்டத்தில் ஒரு வரியாக இருக்கிறது, ஆள் கூடினால் வாரத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். வண்டியை விற்கவில்லை, மற்றப் பட்டறைகளுக்கு வாடகைக்கு ஓடுகிறது, அந்த வரவு கல் கணக்கில் சேராமல் தனி நோட்டில் ஏறுகிறது. இந்த ஆண்டு ஐப்பசியில் மழை தொடங்கிய வாரம் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, "தேர்ச்சி தொண்ணூத்தொண்ணு, அண்ணே, தவணை பதினொரு வாரம்னு சொல்லிட்டேன், ரெண்டு பேரு வேணாம்னு போயிட்டாங்க" என்றார். அன்று "நம்ம பணம்" 2,10,000 காட்டியது.